மிளகாய்ச் சிவப்பும் மஞ்சள்தூள் நிறமும் அச்சில் மங்காமல்: ஒரு மசாலா பிரவுச்சர் வேலை

ஈரோட்டுப் பக்கம் மசாலாப் பொடி, மஞ்சள்தூள் விற்பவர்களுக்கு டிசைன் செய்து கொடுப்பவர்களுக்குத் தெரியும், அச்சில் தகராறு வந்தால் அது பெரும்பாலும் சிவப்பிலும் ஆரஞ்சிலும்தான் வரும். பச்சை கொஞ்சம் மாறினால் யாரும் கேட்பதில்லை. மிளகாய்த்தூள் பழுப்படித்துவிட்டால் வேலையே திரும்பி வந்துவிடும். படங்களை ஏஐ கருவிகளில் உருவாக்க ஆரம்பித்த பிறகு இந்தத் தகராறு இன்னும் கூடியிருக்கிறது. கேமராவில் எடுத்த படத்தைவிட அந்தப் படங்களில் சிவப்பு பல மடங்கு தூக்கலாக வருவதுதான் காரணம். அப்படி ஒரு வேலையை எப்படி முடித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். பெருந்துறைப் பக்கத்தில் ஒரு மசாலா மில். ஏ4 தாளை மூன்றாக மடிக்கும் பிரவுச்சர், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், நாலு கலர் ஆஃப்செட். உள்ளே இரண்டு பெரிய படங்கள். ஒன்றில் மிளகாய்த்தூள் குவியலும் சுற்றிலும் வற்றல் மிளகாயும். இன்னொன்றில் மஞ்சள்தூள், பக்கத்தில் விரலி மஞ்சள். இரண்டுமே ஏஐயில் உருவாக்கியவை. முதலாளி, முன்பு வேறு இடத்தில் அடித்த பிரவுச்சரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ஏனுங்க தம்பி, இதப் பாத்தா யாருங்க சரக்கு வாங்குவாங்க? போன்ல பாத்தா மொளகா நல்லாத்தான் இருக்குதுங்க. தாளுக்கு வந்தா செங்கல்லாட்ட ஆயிருதுங்க. மஞ்சளப் பாருங்க, ரெண்டு வருசத்துச் சரக்காட்ட இருக்குது” என்றார். அவர் சொன்னது சரி. மஞ்சள் வாங்குகிறவர்கள் நிறத்தை வைத்துத்தான் சரக்கின் வயதைக் கணிப்பார்கள். மங்கிய படம் பழைய சரக்கு என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

முதலில் ஏன் மங்குகிறது என்று பார்த்துவிடலாம். திரை ஒளியை உமிழ்கிறது. தாளில் இருக்கும் மை, மேலே விழும் வெள்ளை ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இந்த வித்தியாசத்தை லேப் எண்களில் தெளிவாகப் பார்க்கலாம். லேப் எண்களில் முதல் எண் வெளிச்சம், இரண்டாவது சிவப்புத்தன்மை, மூன்றாவது மஞ்சள்தன்மை. எஸ்ஆர்ஜிபி திரையின் முழுச் சிவப்பு, அதாவது 255, 0, 0, ஃபோட்டோஷாப்பில் 54, 81, 70 என்று காட்டும். நல்ல ஆர்ட் பேப்பரில் மெஜன்டா 100, மஞ்சள் 100 என்று முழுசாக அடித்தாலும் ஃபோக்ரா39 என்ற ஆஃப்செட் அச்சுத் தரத்தில் கிடைப்பது ஏறத்தாழ 47, 68, 48தான். வெளிச்சம் குறைகிறது, சிவப்பு குறைகிறது, மஞ்சள்தன்மை ரொம்பவே குறைகிறது. அந்த 70க்கும் 48க்கும் இடையில் இருக்கிற பள்ளத்தை எந்த செட்டிங்காலும் நிரப்ப முடியாது. நாலு மையில் இல்லாத நிறம் அது.

ஆனால் இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முதலாளியிடம் அரைக் கிலோ மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் வாங்கி வெள்ளைத் தட்டில் கொட்டி, பிரஸ்ஸில் வாங்கிவந்த நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னலோர நிழலில் பார்த்தேன். நிஜமான தூள் மெஜன்டா 100 மஞ்சள் 100 கட்டத்தைவிட அடக்கமான சிவப்பு. மஞ்சள்தூளும் அப்படித்தான். அச்சு எட்டக்கூடிய எல்லைக்குள்ளேயே இரண்டும் வசதியாக உட்கார்ந்திருக்கின்றன. அச்சுக்கு எட்டாதது ஏஐ காட்டிய சிவப்புதான், நிஜ மிளகாய்த்தூள் இல்லை. அதனால் திரையைத் துரத்துவதை விட்டுவிட்டு, தட்டில் இருக்கும் தூளை இலக்காக வைத்துக்கொண்டேன். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் நேர்மை. முதலாளியையும் போனைப் பார்க்கச் சொல்லாமல் தட்டைப் பார்க்கச் சொன்னேன்.

அப்படியானால் எல்லைக்குள் இருக்கிற நிறமே ஏன் செங்கல் நிறமாக மாறியது? பழைய பிரவுச்சரை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சிவப்பின் மேல் எங்கு பார்த்தாலும் பொடிப் பொடியாக நீலப் புள்ளி. சியான் மை. மெஜன்டாவும் மஞ்சளும் சேர்ந்து சிவப்பு, அதற்கு எதிர் நிறம் சியான். மூன்றும் சேர்ந்தால் சாம்பல் பக்கம் போகும். சிவப்பில் 12 சதவீதம் சியான் இருந்தால், அந்த அளவுக்கு அதில் சாம்பலைக் கலந்த மாதிரிதான். இந்த வேலை முழுவதும் சியானை எங்கே விடுவது, எங்கே எடுப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஏஐயில் இருந்து வந்தது பிஎன்ஜி ஃபைல். படம் கேட்கும்போது சிஎம்ஒய்கேயில் வேண்டும் என்று எழுதினாலும் வருவது ஆர்ஜிபிதான். பிஎன்ஜி வடிவத்தில் சிஎம்ஒய்கே கிடையவே கிடையாது. பல கருவிகளில் இருந்து வரும் ஃபைலில் கலர் புரொஃபைலும் இருப்பதில்லை. ஃபோட்டோஷாப் அந்த ஃபைலைத் திறக்கும்போது, அதன் வொர்க்கிங் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபியாக இருந்தால், இல்லாத சிவப்பை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும். திரையில் படம் இன்னும் தீயாகத் தெரியும், அச்சுக்குப் போகும்போது ஏமாற்றமும் அவ்வளவு பெரிதாக இருக்கும். அதனால் முதல் வேலை Edit > Assign Profile போய் sRGB IEC61966-2.1 என்று கொடுப்பது. இங்கே Convert to Profile கொடுக்கக்கூடாது. முதலாவது, எண்களை மாற்றாமல் அவற்றுக்கு அர்த்தம் மட்டும் சொல்கிறது. இரண்டாவது எண்களையே மாற்றிவிடும். அப்புறம் 16 பிட்டுக்கு மாற்றி, அந்த ஆர்ஜிபி ஃபைலை மாஸ்டராகச் சேமித்தேன்.

அளவையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 1024 பிக்சல் அகலப் படம் 300 டிபிஐயில் எட்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான் வரும். மூன்று மடிப்பில் ஒரு பக்கத்தின் அகலம் சுமார் 10 சென்டிமீட்டர், ப்ளீடும் வேண்டும். பெரிதாக்குவதை ஆர்ஜிபியில் இருக்கும்போதே முடித்துவிட்டேன்.

அடுத்தது எந்த சிஎம்ஒய்கே என்ற கேள்வி. நிறையப் பேர் Image > Mode > CMYK Color என்று ஒரே கிளிக்கில் முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஃபோட்டோஷாப் தன் செட்டிங்கில் இருக்கிற புரொஃபைலை எடுத்துக்கொள்ளும். யாரும் மாற்றாத மெஷினில் பெரும்பாலும் அது U.S. Web Coated (SWOP) v2. அது அமெரிக்காவில் ரோல் தாளில் ஓடும் வெப் மெஷினுக்காகச் செய்தது. நம் ஊரில் ஆர்ட் பேப்பரில் ஷீட் ஷீட்டாக ஓடும் ஆஃப்செட்டுக்கு அது பொருந்தாது. பிரஸ்ஸில் போன் செய்து கேட்டேன். பிளேட் அடிக்கும் சிடிபியை ஃபோக்ரா39 கணக்குக்கு வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதனால் ISOcoated_v2_300_eci.icc எடுத்துக்கொண்டேன். பெயரில் இருக்கிற 300 என்பது நாலு மையும் சேர்ந்து ஓரிடத்தில் 300 சதவீதத்தைத் தாண்டாது என்பதற்காக. மிளகாய் இடுக்கு நிழல்களில் மை அதிகமானால் காய நேரமாகும், அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும்.

மாற்றுவதற்கு முன்னால், ஆர்ஜிபியிலேயே இருந்துகொண்டு View > Proof Setup > Custom போய் அந்தப் புரொஃபைலைக் கொடுத்து, அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே பார்த்தேன். கூடவே View > Gamut Warning. மிளகாய்த்தூள் குவியலின் வெளிச்சம் படும் பக்கம் முழுக்கச் சாம்பல் மூடிவிட்டது. வற்றல் மிளகாயின் பளபளப்பும் அப்படியே. மஞ்சள்தூளில் மூடியது கொஞ்சம்தான், பின்னால் இருந்து ஒளி வருகிற ஆரஞ்சு விளிம்பு மட்டும்.

குவியலின் மேல் கர்சரை நகர்த்தி எண்களைப் பார்த்தால் ஏஐ படத்தின் குணம் தெரியும். வெளிச்சப் பக்கம் முழுவதும் சிவப்புச் சேனல் 255இல் முட்டி நிற்கிறது, நீலச் சேனல் 0இல் படுத்துக் கிடக்கிறது. இந்த இரண்டு சேனல்களிலும் தூளின் சொரசொரப்பு கொஞ்சமும் இல்லை. பச்சைச் சேனலில் மட்டும் 5க்கும் 70க்கும் நடுவில் அந்தச் சொரசொரப்பு உயிரோடு இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் காப்பாற்றப் போகிறது.

மாற்றும் முறையில் இரண்டு வழிகளை ஒப்பிட்டேன். Relative Colorimetric, பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனோடு, எல்லைக்குள் இருக்கும் நிறத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, வெளியே இருப்பதை மட்டும் எல்லையில் கொண்டுவந்து ஒட்டும். நிறம் அழகாக நிற்கும். ஆனால் வெளியே இருந்த பத்து விதமான சிவப்பும் எல்லையில் ஒரே சிவப்பாகிவிடும். குவியல் தட்டையாக, சிவப்புப் பெயின்ட் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. Perceptual எல்லா நிறங்களையும் சேர்த்து உள்ளே அழுத்தும். சொரசொரப்பு ஓரளவு தங்கியது. ஆனால் தட்டின் வெள்ளை, மரப்பலகை, பக்கத்தில் இருந்த கொத்தமல்லிப் பச்சை என்று நன்றாக இருந்தவையும் கொஞ்சம் சோர்ந்துபோயின. எந்த ஒன்றும் தனியாகப் போதவில்லை. அதனால் மாஸ்டரை இரண்டு முறையிலும் தனித்தனியாக மாற்றி, ஒரே ஃபைலில் இரண்டு லேயராக அடுக்கினேன். கீழே ரிலேட்டிவ், மேலே பெர்செப்சுவல். மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, குவியலின் தட்டையாகிப்போன பக்கத்தில் மட்டும் தெரியவிட்டேன். மாஸ்க்கின் ஓரத்தை நன்றாக மென்மையாக்க வேண்டும், இல்லாவிட்டால் குவியலில் கோடு விழும்.

மாற்றிய பிறகு, எண்களைப் பார்க்க மூன்று இடங்களில் குறி வைத்தேன். குவியலின் உச்சி, அதன் சரிவு, இரண்டு மிளகாய்க்கு நடுவில் இருக்கும் இடுக்கு. உச்சியில் சியான் பூஜ்யம், மெஜன்டாவும் மஞ்சளும் 95க்குப் பக்கம். அங்கே பிரச்சினை இல்லை. சரிவில் சியான் 12, மெஜன்டா 98, மஞ்சள் 100, கருப்பு 3. இடுக்கில் சியான் 30, மெஜன்டா 100, மஞ்சள் 100, கருப்பு 40.

அந்தச் சரிவுதான் படத்தில் பெரும் பரப்பு. அங்கே 12 என்பது புரொஃபைலின் கணக்குப்படி சரியான எண்தான். மெஷின் அந்தக் கணக்குப்படியே ஓடினால் நிறமும் சரியாக வரும். ஆனால் சியான் ஒரு துளி கூடுதலாக ஏறினால் சிவப்பு உடனே பழுப்புக்குப் போய்விடும். ஆஃப்செட்டில் மைப்புள்ளி தாளில் அழுந்தும்போது பெரிதாகும். நடுத்தரப் புள்ளிகள் 13 சதவீதம்போல வளரும் என்று புரொஃபைலிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிளாங்கெட் பழையதாக இருந்தாலோ அழுத்தம் கூடினாலோ அதற்கு மேலும் வளரும். அதே அளவு கருப்பு கூடினால் சிவப்பு கொஞ்சம் கருக்குமே தவிர, நிறம் வேறு பக்கம் சாயாது. அதனால் சரிவில் இருக்கும் சியானை எடுத்துவிட்டு, அது செய்துகொண்டிருந்த வேலையைக் கருப்பிடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

சியான் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்பதுதான் இங்கே முக்கியம். சிவப்புப் பொருளில் மெஜன்டாவும் மஞ்சளும் எங்கும் 95, 100 என்று நிரம்பியிருக்கும். அந்த இரண்டு சேனல்களையும் தனியாகப் பார்த்தால் உருவமே தெரியாது. மேடு பள்ளத்தைக் காட்டுவது சியானும் கருப்பும்தான். சிவப்பு பளிச்சென்று வர வேண்டும் என்று சியானை மொத்தமாகத் துடைத்துவிட்டால் குவியல் மறுபடி தட்டையாகிவிடும். எடுக்கிற இடத்தில் எடுத்து, அதற்குப் பதில் ஒன்றை வைக்க வேண்டும்.

Selective Color லேயர் போட்டு, Relative முறையில், Reds பகுதியில் சியானை 60 குறைத்தேன். சரிவில் 12 என்றிருந்தது 4, 5 என்று இறங்கியது. இடுக்கில் அவ்வளவு இறங்காமல் இருக்க, அடர்ந்த நிழல்களை மாஸ்க்கில் மறைத்துவிட்டேன். அங்கே சியான் 25க்கு மேல் இருப்பது நல்லது, நிழலுக்கு ஆழம் கொடுக்கும்.

பிறகு பச்சைச் சேனல். ஆர்ஜிபி மாஸ்டரில் இருந்து அதைத் தனி கிரே ஃபைலாக எடுத்தேன். குவியல் பகுதி அதில் கிட்டத்தட்ட முழுக் கருப்பாக இருக்கும், அப்படியே பயன்படுத்தினால் படம் கரியாகிவிடும். Levels திறந்து வெள்ளை முனையை 70க்கு இழுத்ததும், ஒளிந்திருந்த சொரசொரப்பு முழுசாக வெளியே வந்தது. அதை சிஎம்ஒய்கே ஃபைலின் கருப்புச் சேனலில் Image > Apply Image வழியாக Multiply முறையில், 18 சதவீத அடர்த்தியில் சேர்த்தேன், குவியலுக்குள் மட்டும். இரண்டு ஃபைலும் பிக்சல் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். தூளின் உச்சிகளில் கருப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. பொடிப் பள்ளங்களில் 10, 15 என்று ஏறியது. சரிவின் சராசரி இப்போது சியான் 4, மெஜன்டா 98, மஞ்சள் 100, கருப்பு 8. திரையில் பார்க்கவே தூளாகத் தெரிந்தது, தட்டில் இருந்ததற்கும் பக்கத்தில் வந்துவிட்டது.

மஞ்சள்தூளில் நோய் வேறு. அதன் வெளிச்சப் பக்கம் மெஜன்டா 50, மஞ்சள் 95, சியான் இல்லை. நன்றாகவே வரும். நிழல் பக்கத்தில் சியான் 18, மெஜன்டா 65, மஞ்சள் 100. சிவப்பில் சியான் நுழைந்தால் பழுப்பு. மஞ்சள் மை ஓங்கியிருக்கும் இடத்தில் சியான் நுழைந்தால் பச்சை. மஞ்சள்தூளின் நிழல் லேசாகப் பாசி படிந்த மாதிரி இருந்ததற்கு அதுதான் காரணம், முதலாளி பழைய சரக்கு என்று சொன்னதும் அதைத்தான். இங்கே Selective Color லேயரில் Reds, Yellows இரண்டிலும் சியானைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆரஞ்சு இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் ஒன்றை மட்டும் தொட்டால் பாதி வேலைதான் நடக்கும். நிழலில் சியானை 6க்குக் கொண்டுவந்து கருப்பை 8க்கு ஏற்றினேன்.

மஞ்சளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மெஜன்டா 50 என்பது புள்ளி அதிகமாக வளரும் நடுப்பகுதி. மெஷினில் மெஜன்டா கொஞ்சம் ஏறினாலே மஞ்சள்தூள் ஆரஞ்சாகி, மிளகாய்த்தூள் பக்கம் போய்விடும். அதனால் மஞ்சள்தூளில் மட்டும் மெஜன்டாவை 45க்கு இறக்கி வைத்தேன். இது என் விருப்பம்தான். ஆனால் மஞ்சள்தூள் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் யாரும் குறை சொல்வதில்லை, சிவந்தால் உடனே சொல்வார்கள். பின்னணியில் இருந்த ஆரஞ்சு ஒளிவட்டத்தில் படிப்படியாகக் கோடு விழுந்தது. எல்லையில் ஒட்டிய நிறமும் ஒட்டாத நிறமும் சந்திக்கும் இடம் அது. ஒரு சதவீதம்போல கிரெயின் சேர்த்ததும் கோடு கரைந்தது.

படம் உருவாக்கும்போதே இதில் பாதித் தொல்லையைத் தவிர்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாயங்கால வெயில், பொன்னிற ஒளி, பளபளக்கும் நிறம் என்று கேட்டால் ஏஐ சிவப்பைக் கொண்டுபோய் 255இல் முட்டிவிடும். மேகமூட்டமான பகல் வெளிச்சம், இயல்பான நிறம் என்று கேட்டு இன்னொரு படம் எடுத்துப் பார்த்தேன். எல்லைக்கு வெளியே போன பரப்பு வெகுவாகக் குறைந்தது. பின் அட்டையில் இருந்த சின்னப் படங்களை எல்லாம் அப்படித்தான் எடுத்தேன். அவற்றுக்கு இவ்வளவு கைவேலை தேவைப்படவில்லை, ImageMagick கொண்டு மொத்தமாக மாற்றிவிட்டேன்.

```
magick malli.png -intent relative -black-point-compensation \
  -profile sRGB.icc -profile ISOcoated_v2_300_eci.icc \
  -compress lzw malli.tif
```

புரொஃபைல் இல்லாத ஃபைலுக்கு முதல் புரொஃபைல் அடையாளம் கொடுக்கும், இரண்டாவது மாற்றும். வரிசை முக்கியம். புரொஃபைலே கொடுக்காமல் `-colorspace CMYK` என்று மட்டும் எழுதினால், மை, தாள் எதையும் பார்க்காத வெறும் கழித்தல் கணக்காக முடிந்துவிடும். அந்த எண்களை அச்சுக்கு அனுப்பக்கூடாது.

அப்புறம் பிடிஎஃப். இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த சியான், இங்கே பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். லேஅவுட் சாஃப்ட்வேரின் சிஎம்ஒய்கே செட்டிங் வேறு புரொஃபைலில் இருந்தால், ஏற்றுமதி செய்யும்போது ஒரு சிஎம்ஒய்கேயில் இருந்து இன்னொரு சிஎம்ஒய்கேக்குப் படத்தை மறுபடி மாற்றும். அந்த மாற்றத்தில் நாம் பிரித்து வைத்த கருப்பு மறுபடி நாலு மையாகக் கரையும், சிவப்பில் சியான் முளைக்கும், கருப்பு எழுத்துகூட நாலு கலராகும். இன்டிசைனில் ஏற்றுமதிப் பெட்டியில் Convert to Destination (Preserve Numbers) கொடுத்து, Destination இடத்தில் படத்துக்கு வைத்த அதே புரொஃபைலை வைத்தேன். கோரல் டிராவில் செய்பவர்கள் டாக்குமெண்ட் கலர் செட்டிங்கில் அதே புரொஃபைலை வைத்துவிட்டுப் படத்தை உள்ளே கொண்டுவர வேண்டும். பிடிஎஃப் ஆனதும் அக்ரோபேட்டில் Output Preview திறந்து, மெஜன்டா, மஞ்சள், கருப்பு மூன்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, சியானை மட்டும் பார்ப்பேன். மிளகாய்க் குவியல் இருக்க வேண்டிய இடம் இடுக்குகள் தவிர கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தால் சரி. நீலம் பரவித் தெரிந்தால் நடுவில் எங்கோ மாறிவிட்டது என்று அர்த்தம்.

புரூஃப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் இருக்கும் டிஜிட்டல் கலர் பிரிண்டரில் ஏ4 எடுத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். எழுத்துப் பிழை பார்க்க அது போதும், நிறத்துக்கு அது சாட்சி ஆகாது. டோனரின் சிவப்பு வேறு, மையின் சிவப்பு வேறு. ஃபோக்ரா வெட்ஜ் பட்டையோடு அளந்து தருகிற புரூஃப் கிடைத்தால் நல்லது. இந்த வேலைக்கு, அதே மெஷினில் அதே தாளில் முன்னாடி ஓடவிருந்த வேறொரு வேலையின் ஓரத்தில், வெட்டி எறியப்போகும் இடத்தில், குவியலின் ஒரு துண்டை அடிக்கக் கேட்டேன். பிரஸ்காரர் ஒத்துக்கொண்டார். ஒரே துண்டில் இரண்டு பாதி. ஒன்று நேரடியாக மாற்றியது, இன்னொன்று சியான் எடுத்தது. வித்தியாசம் லென்ஸ் இல்லாமலே தெரிந்தது. நேரடிப் பாதி செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. மற்றது தட்டில் இருந்த தூளோடு ஒத்துப்போனது.

பிரஸ்ஸில் பிளேட் போடும் முன்பு மெஷின்காரர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். நான் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட இது உபயோகமானது. “தம்பி, இந்த மொளகாப் படத்துக்கு நேர் கீழ நீலப் பட்டை போட்டிருக்கீங்க. அந்தப் பட்டை நல்லா வரோணும்னா நான் சியானைத் தூக்கோணும். தூக்கினா அதே லைன்ல மொளகாயும் சேந்து வாங்கும்” என்றார். ஆஃப்செட் மெஷினில் மை விடும் சாவிகள் தாளின் அகலத்துக்கு வரிசையாக இருக்கும். ஒரு சாவியைத் திறந்தால் தாள் ஓடும் திசையில் அந்தக் கோடு முழுவதும் மை கூடும். கோட்டின் தலையில் சிவப்புப் படமும் காலில் அடர் நீலமும் இருந்தால் இரண்டில் ஒன்று அடிபடும். அந்த நீலப் பட்டையை மில்லின் முகவரி இருந்த வேறு மடிப்புக்கு நகர்த்தினேன். தாளில் பக்கங்களை எப்படி அடுக்கப்போகிறார்கள், எந்தப் பக்கமாக ஓடும் என்று டிசைன் செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே பக்கத்தைப் பார்த்தால் இது தெரியாது. மூன்று பிரவுச்சர் ஒரு ஷீட்டில் அடுக்கும்போது, கீழே இருக்கும் பிரவுச்சரின் நீலம் மேலே இருக்கும் பிரவுச்சரின் மிளகாயைக் கெடுக்கலாம்.

ஓட்டம் நல்லபடியாக முடிந்தது. மேட் லேமினேஷன் வேண்டும் என்று முதலாளி கேட்டார். மேட் ஃபிலிம் மேலே விழும் ஒளியைச் சிதறடிக்கும், அடர் சிவப்பு கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஒரு ஷீட்டில் பாதி மேட், பாதி பளபளப்பு ஒட்டிக் காட்டியதும் அவரே பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார்.

மில்லின் லோகோ மட்டும் தீர்வில்லாமல் நின்றது. அது திரைக்காக வரைந்த ஒளிரும் ஆரஞ்சு. படத்தில் இருக்கும் மஞ்சள்தூளைப் போல இதற்கு நிஜப் பொருள் ஒன்று இலக்காக இல்லை, அந்த ஒளிர்வுதான் லோகோவே. மெஜன்டாவும் மஞ்சளும் சேர்த்து எப்படி அடித்தாலும் அது வராது. பான்டோன் ஆரஞ்சு 021 மாதிரி தனி மை ஐந்தாவது கலராக அடித்தால் கிடைக்கும், அதற்குத் தனி பிளேட், தனி கூலி. நாலு கலர் மெஷினில் ஷீட்டை மறுபடி ஓட்டவும் வேண்டும். பிரவுச்சருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்று முடிவானது. மெஜன்டா 60, மஞ்சள் 100, சியானும் கருப்பும் பூஜ்யம் என்று சுத்தமாக அடித்து, சுற்றிலும் வெள்ளை இடம் விட்டோம். பக்கத்தில் வேறு சூடான நிறம் இல்லாததால் அது போதுமான அளவு எடுப்பாகவே தெரிகிறது.

இப்போது அதே படங்களை வைத்து, பொட்டலத்துக்குள் வைக்கும் சமையல் குறிப்புத் தாள் ஒன்று மேப்லித்தோவில் கேட்டிருக்கிறார்கள். பிரவுச்சருக்குச் செய்த சிஎம்ஒய்கே ஃபைலை அங்கே எடுத்துப்போக முடியாது. பூச்சு இல்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளி இன்னும் வளரும், சிவப்பின் எல்லை இன்னும் சுருங்கும். 16 பிட் ஆர்ஜிபி மாஸ்டரில் இருந்து PSOuncoated_v3_FOGRA52.icc வைத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன். அந்தத் தாளில் சரிவுப் பகுதியில் 4 சதவீதம் சியானைக்கூட விடப்போவதில்லை.